மிஸ் எப்ப வந்தாங்க? ஆசிரியரைக் கூப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீலகிரியில் கேரள எல்லையை ஒட்டிய பந்தலூர் பக்கம் ஒரு தோட்டத்து லைன் வீட்டு முன்னறையில் பல வருடமாக மாலை டியூஷன் எடுக்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை பிள்ளைகள் வருகிறார்கள். அரசுத் தேயிலை நிறுவனமான டேன்டீயின் தோட்டக் குடும்பங்கள், சின்னத் தேயிலை விவசாயிகள், பஜாரில் கடை வைத்திருக்கும் மலையாளக் குடும்பங்கள், ஊட்டியிலிருந்து மாற்றலாகி வந்த அரசு ஊழியர்கள் என்று எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாயில் உட்காருகிறார்கள். ஆசிரியரை எப்படிக் கூப்பிடுவது, எப்படிப் பேசுவது என்று பெற்றோர் என்னிடம் கேட்டவற்றில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

"என் பையன் 'மிஸ், மிஸ்'னு மரியாதையாத்தான் கூப்பிடுறான். அப்புறமும் ஸ்கூல்ல மரியாதை இல்லாம பேசுறான்னு சொல்றாங்க. எங்கே தப்பு?"

பெரும்பாலும் தப்பு வினைச்சொல்லின் வாலில் இருக்கும். தமிழில் மரியாதையைச் சுமப்பது 'மிஸ்', 'சார்' என்ற சொல் மட்டும் இல்லை. அதற்குப் பின்னால் வருகிற 'வாங்க', 'சொல்லுங்க', 'நீங்க' என்பவைதான் பாதிக்கு மேல் சுமக்கின்றன. "மிஸ், இங்க வா" என்று ஒரு பிள்ளை சொன்னால் ஆசிரியரின் காதில் 'மிஸ்' விழுவதே இல்லை, 'வா' மட்டும்தான் விழுகிறது. மாறாக "வாங்க, உட்காருங்க" என்று சொல்லி 'மிஸ்' போடாமல் விட்டால்கூட யாரும் குறை சொல்வதில்லை.

வீட்டில் பிள்ளை யாரிடம் 'வாங்க' என்று பேசுகிறது என்று யோசித்துப் பாருங்கள். அம்மாவிடம் "அம்மா, வா". பாட்டியிடம் "பாட்டி, நீ சாப்பிடு". அண்ணன், அக்கா எல்லாரிடமும் 'வா, போ'தான். சில வீடுகளில் அப்பாவுக்கு மட்டும் 'வாங்க' கிடைக்கும், பல வீடுகளில் அவருக்கும் இல்லை. இதில் அன்பு இருக்கிறது, அவமரியாதை ஒன்றும் இல்லை. ஆனால் ஐந்து வயது வரை பிள்ளையின் வாயில் பழகியது 'வா'தான். பள்ளிக்குப் போனதும் 'மிஸ்' என்ற புதுச் சொல்லை ஒரே நாளில் பிடித்துக்கொள்கிறது. அதோடு சேர்ந்து வினையும் மாற வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தருவதில்லை. பழைய வாக்கியத்தில் 'அம்மா'வை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 'மிஸ்'ஸை வைக்கிறது, அவ்வளவுதான்.

"நாங்க வீட்டுல மலையாளம் பேசுறோம். 'மிஸ் எப்ப வந்தது'ன்னு கேட்டான்னு கிளாஸ் முன்னாடி என் பையனை முட்டி போட வெச்சாங்க. அவன் என்ன தப்பாக் கேட்டான்னே அவனுக்குப் புரியல."

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். டியூஷன் ஆரம்பித்த முதல் வருடம், ஜூலை மாத மழையில் ஒருநாள் நான் வர அரைமணி நேரம் தாமதமாகிவிட்டது. உள்ளே நுழைந்ததும் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் சிரித்த முகத்தோடு, "மிஸ் எப்ப வந்தது?" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். 'வந்தது' என்றால் மாடு வந்தது, பஸ் வந்தது. என்னை அஃறிணையாக்கிவிட்டான் என்று எனக்குக் கோபம் வந்தது. அன்று முழுக்க அவனை வாசல்படியிலேயே உட்கார வைத்தேன்.

மறுநாள் அவனுடைய அம்மா வந்தார். கோபமாக வரவில்லை, அவன் என்ன செய்தான் என்று தெரிந்துகொள்ளத்தான் வந்தார். பேச்சுவாக்கில் அவர் தன் மொழியில், டீச்சர் எப்போழா வந்நது என்றுதான் நாங்கள் கேட்போம் என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மலையாளத்தில் அது முழு மரியாதையான கேள்வி. 'வந்நது' என்பது அங்கே 'வந்தது எப்போது' என்ற அமைப்பில் வரும் சொல். அதில் உயர்திணை, அஃறிணை என்ற பேச்சே கிடையாது.

இன்னும் ஒன்று. தமிழில் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது, வந்தார்கள் என்று வந்தவர் யார் என்பதற்கு ஏற்ப வினை மாறுகிறது. இன்றைய மலையாளத்தில் இந்த மாற்றம் இல்லை. அவன் வந்நு, டீச்சர் வந்நு, பஸ் வந்நு, எல்லாமே ஒரே 'வந்நு'தான். அதனால் அவர்கள் மரியாதையைக் கூப்பிடும் சொல்லில் வைக்கிறார்கள். நேரில் பேசும்போதுகூட 'நீ' என்றோ 'நிங்ஙள்' என்றோ சொல்லாமல், அந்த இடத்தில் 'டீச்சர்' என்றே திரும்பத் திரும்பச் சொல்வார்கள். அந்தப் பையன் என்னிடம் கேட்ட வாக்கியத்தில் 'மிஸ்' இருந்தது. அவனுடைய கணக்கில் மரியாதை முழுசாக இருந்தது. நான்தான் அதை வேறு இடத்தில் தேடினேன்.

அந்த அம்மாவிடம் அன்றே மன்னிப்புக் கேட்டேன். பையனிடமும் கேட்டேன். அவன் இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறான், லீவுக்கு வந்தால் வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவான்.

கூடலூர், பந்தலூர் தாலுகாக்களில் வேலை செய்யும் ஆசிரியர்கள் இது ஒன்றை மட்டும் மனதில் வைத்தால் போதும். ஒரு பிள்ளை வேண்டுமென்று மரியாதை குறைக்கிறதா, வீட்டு மொழியின் பழக்கமா என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தலைமை ஆசிரியரைப் பற்றியும், தன் சொந்த அப்பாவைப் பற்றியும் அதே பிள்ளை எப்படிச் சொல்கிறது என்று கேளுங்கள். "அப்பா நேத்து வந்தது" என்று சொன்னால் அது மொழிப் பழக்கம். எல்லாரையும் 'வந்தாங்க' என்று சொல்லிவிட்டு உங்களை மட்டும் 'வந்தது' என்று சொன்னால்தான் யோசிக்க வேண்டும்.

"சரி, அப்போ திட்டாம இதை மாத்துறது எப்படி?"

திருத்தம் சொல்லாமல், சரியான வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னால் போதும். "மிஸ் எப்ப வந்தது?" என்று கேட்டால், "மிஸ் எப்ப வந்தாங்களா? இப்பத்தான் வந்தாங்க" என்று பதில் சொல்கிறேன். 'அப்படிச் சொல்லக் கூடாது' என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. பிள்ளைகள் காதால் பிடிப்பவர்கள். பாட்டு மாதிரி இரண்டு மூன்று தடவை கேட்டதும் வாய் தானாகத் திரும்புகிறது.

ஏவல் வினைக்கு மூன்றே சொல்லில் தொடங்குகிறேன்: வாங்க, சொல்லுங்க, குடுங்க. டியூஷனில் ஒரு பிள்ளை ஆசிரியரிடம் சொல்வது பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும். "மிஸ், இங்க வாங்க", "மிஸ், மறுபடி சொல்லுங்க", "மிஸ், நோட்டு குடுங்க". முதல் வாரம் 'வாங்க' மட்டும். யாராவது 'வா' என்றால் நான் இருக்கிற இடத்தில் நின்று காதில் கை வைத்துக் கேட்பேன், 'வாங்க' என்றதும் போவேன். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. 'நீங்க' என்ற சொல்லைக் கடைசியில்தான் எடுக்கிறேன், ஏனென்றால் வினை சரியாகிவிட்டால் 'நீங்க' தானாக வந்துவிடும். 'நீங்க'வை முதலில் சொல்லிக்கொடுத்தால் "நீங்க இங்க வா" என்று ஒட்டாத வாக்கியம் வரும்.

ஒன்று செய்யக் கூடாது. மற்றப் பிள்ளைகள் சிரிக்கும்போது திருத்தாதீர்கள். சிரிப்புக்கு நடுவில் திருத்தப்பட்ட பிள்ளை அதற்குப் பிறகு தமிழில் ஆசிரியரிடம் பேசுவதையே குறைத்துக்கொள்கிறது. மரியாதை குறைவது நின்றுவிட்டது என்று நாம் நினைப்போம், உண்மையில் பேச்சே நின்றிருக்கும்.

"என் பொண்ணு 'சார் சொன்னாரு'ன்னு சொல்லுது, ஆனா 'மிஸ் சொன்னா'ன்னு சொல்லுது. ஏன் இப்படி?"

இது உங்கள் மகளுக்கு மட்டும் உரியதில்லை, நம் பேச்சுத் தமிழிலேயே இருக்கிற ஓட்டை. ஆணைப் பற்றிச் சொல்ல மூன்று படி இருக்கிறது: வந்தான், வந்தாரு, வந்தாங்க. நடுவில் இருக்கும் 'வந்தாரு' சுலபமானது. பெரிய சடங்கு இல்லாமல் மரியாதை வந்துவிடும். பெண்ணைப் பற்றிச் சொல்ல இரண்டு படிதான்: 'வந்தா', இல்லையென்றால் நேராக 'வந்தாங்க'. நடுப்படி கிடையாது. 'மிஸ் வந்தாரு' என்று யாரும் பேசுவதில்லை. அதனால் கொஞ்சம் அசந்தால் பிள்ளை கீழ்ப்படிக்கு இறங்கிவிடுகிறது. வீட்டில் பெரியவர்களே "அந்த மிஸ் என்ன சொல்லிட்டா?" என்று கேட்கும்போது பிள்ளை வேறு எப்படிப் பேசும்?

எழுத்துத் தமிழில் இந்த ஓட்டை இல்லை. 'ஆசிரியை வந்தார்', 'அவர் சொன்னார்' என்று ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 'ஆர்' வருகிறது. பேச்சில் மட்டும்தான் கவனம் வேண்டும், வழியும் ஒன்றுதான்: 'மிஸ்', 'டீச்சர்', 'மேடம்' எது வந்தாலும் பின்னால் 'ஆங்க' வர வேண்டும். சொன்னாங்க, கேட்டாங்க, போயிட்டாங்க. வீட்டில் நீங்கள் ஒரு மாதம் இப்படிப் பேசுங்கள், மகளிடம் எதையும் திருத்த வேண்டியிருக்காது.

நான் டியூஷனில் சாருக்கும் 'சொன்னாங்க' என்றே பழக்குகிறேன். 'சொன்னாரு' தப்பில்லை. ஆனாலும் ஒரே வரிசையில் நிற்கிற இரண்டு ஆசிரியருக்கும் ஒரே வினை வந்தால் பிள்ளைக்கு எளிது.

"கவர்மென்ட் ஸ்கூல்ல 'ஐயா', 'அம்மா'ங்குறாங்க. டியூஷன்ல 'சார்', 'மிஸ்'. பிள்ளை எதைப் பழகணும்?"

அந்தந்த இடத்தில் என்ன வழக்கமோ அதை. ஒரே பிள்ளை காலையில் வருகைப்பதிவுக்கு "உள்ளேன் ஐயா" என்றும் மாலையில் "எஸ் மிஸ்" என்றும் சொல்கிறது, அதில் குழப்பம் எதுவும் வருவதில்லை.

இந்தச் சொற்களுக்கு உள்ள சாயலை மட்டும் சொல்கிறேன். 'ஐயா' என்பது 'ஐயன்' என்ற பெயரின் விளி. தலைவன், தந்தை என்று பொருள் தரும் பழைய சொல். அதனால் அதில் கொஞ்சம் கனம் உண்டு. தமிழாசிரியருக்கு அது ஒட்டிக்கொண்ட பெயராகவே இருக்கிறது. மற்ற எல்லாரையும் 'சார்' என்று கூப்பிடும் மெட்ரிக் பள்ளியில்கூட அவர் 'தமிழ் ஐயா'தான், பெண் என்றால் 'தமிழம்மா'. 'சார்' எடை குறைந்த சொல். பஸ் கண்டக்டரும் சார், வங்கி மேலாளரும் சார், கணக்கு ஆசிரியரும் சார். 'டீச்சர்' எங்கள் தலைமுறையில் அரசுப் பள்ளிப் பெண் ஆசிரியருக்கு இருந்த பெயர், இப்போதும் பாட்டிமார் அப்படித்தான் சொல்கிறார்கள். 'மிஸ்' நர்சரிப் பள்ளிகள் வழியாகப் பரவியது. கல்யாணமாகாத பெண் என்ற ஆங்கிலப் பொருள் தமிழில் அதற்கு இல்லை. பேரன் எடுத்த ஆசிரியையும் மிஸ்தான். 'மிஸ்ஸஸ்' என்று மாற்றிக் கூப்பிடச் சொல்லி ஒரு தந்தை தன் பிள்ளையைப் பழக்கினார், ஆசிரியைக்கே சங்கடமாகிவிட்டது. அது வேண்டாம்.

மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைகளிடம் ஓர் அழகு உண்டு. "சரிங்க மிஸ்", "இல்லைங்க சார்", "எனக்குங்க" என்று எந்தச் சொல்லோடும் ஒரு 'ங்க' சேர்த்துவிடுவார்கள். அவர்களுக்கு இந்தப் பாடம் எதுவும் தேவைப்படாது.

"டியூஷன் எடுக்கிற பொண்ணுக்கு இருபது வயசுதான். 'அக்கா'ன்னே கூப்பிடட்டுமா, இல்ல 'மிஸ்'னு மாத்தணுமா?"

'அக்கா' போதும். 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி தொடங்கியபோது தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் மாலை வகுப்பு எடுத்தார்கள். பெரும்பாலும் அதே தெருப் பெண்கள். எங்கள் லைனில் பிள்ளைகள் அவர்களை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படிப்பு அதனால் கெடவில்லை. கொரோனாவில் பள்ளியை விட்டு விலகியிருந்த பிள்ளைகள் அக்கா வீடு என்றதும் தயங்காமல் வந்தார்கள்.

சிக்கல் ஒன்று உண்டு. 'அக்கா' என்றால் வினை 'வா'வுக்குப் போய்விடும். எங்கள் லைனில் டிகிரி முடித்த ஒரு பெண் எட்டாம் வகுப்பு வரை சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். முதல் மாதம் நன்றாகப் போனது. இரண்டாம் மாதம் எட்டாம் வகுப்புப் பையன்கள், "அக்கா, இந்தா, இதைப் பாரு", "அக்கா, சும்மா இரு" என்று பேச ஆரம்பித்தார்கள். வீட்டுப்பாடம் கேட்டால் சிரித்தார்கள். ஒரு தாய் உடனே 'மிஸ்' என்று மாற்றச் சொன்னார். மாற்றினாள். மறுநாளிலிருந்து பையன்கள் "மிஸ், இதைப் பாரு" என்றார்கள்.

என்னிடம் வந்து வருத்தப்பட்டாள். பெயரை அக்காவாகவே வைத்துக்கொள், வினையை மாற்று என்றேன். "வாங்க அக்கா", "பாருங்க அக்கா". முதலில் அவளே பையன்களிடம் 'டா' போடுவதை நிறுத்தினாள். அப்புறம் யாராவது 'பாரு' என்றால் பதில் சொல்லாமல் அடுத்த பிள்ளையின் நோட்டை எடுத்துப் பார்த்தாள், 'பாருங்க' என்றதும் திரும்பினாள். மூன்று வாரம் பிடித்தது. இன்றும் அவள் அக்காதான், அந்தப் பையன்கள் பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு இன்னும் "சொல்லுங்கக்கா" என்கிறார்கள்.

கராத்தே, நடனம் கற்றுத் தருபவரை 'மாஸ்டர்' என்பது வழக்கம். கான்வென்ட் பள்ளியில் கன்னியாஸ்திரியை 'சிஸ்டர்' என்பார்கள். இவற்றிலும் வினைக்கு அதே விதிதான்.

"நான் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கிறேன். ஸ்கூல் சாரைப் பார்த்தா வாயில 'ஐயா'ன்னுதான் வருது, கை தானாக் கட்டிக்குது. என் மகன் 'அம்மா, சார்னு சொல்லு, மானத்தை வாங்காத'ன்னு சொல்றான்."

உங்கள் 'ஐயா' தப்பில்லை, உங்கள் மகனின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு பக்கம்.

1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர்களில் பல குடும்பங்கள் இந்த மலைக்கு வந்து டேன்டீ தோட்டங்களில் குடியேறின. அங்கும் தோட்டம், இங்கும் தோட்டம். தோட்டத்தில் 'ஐயா' என்பது மேலே இருக்கிறவருக்குக் கீழே இருக்கிறவர் சொல்லும் சொல். துரை, தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டக்டர், ரைட்டர் என்று வரிசையாக நிற்கிறவர்கள் எல்லாரும் ஐயா. அதில் பயம் கலந்திருந்தது. உங்கள் மகனுக்கு அந்தப் பயம்தான் கேட்கிறது. பள்ளியில் தமிழாசிரியரிடம் அவனே சொல்லும் "வணக்கம் ஐயா"வில் அந்தப் பயம் இல்லை. அதனால் அவனுக்கு அது வேறு சொல்.

என் கருத்தைக் கேட்டால், சொல்லை மாற்ற வேண்டாம், கையை மட்டும் பிரித்துக்கொள்ளுங்கள். நாற்காலி இருந்தால் உட்காருங்கள். உட்கார்ந்தபடி, "ஐயா, பையன் கணக்குல எப்படி இருக்கான், சொல்லுங்க" என்று கேளுங்கள். அதே 'ஐயா' உட்கார்ந்து சொல்லும்போது வேறாகத்தான் கேட்கும். இலங்கையிலிருந்து வந்த பெரியவர்கள் சிலர் இன்னும் 'சேர்' என்று நீட்டிச் சொல்வார்கள். அங்கே எழுதுவதும் அப்படித்தான். பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தால் விடாதீர்கள், அது அவர்களுடைய தாத்தா படித்த பள்ளியின் சொல்.

ஆசிரியர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நின்றுகொண்டே 'ஐயா' என்று பேசும் தாயிடம் முதலில் "உட்காருங்கம்மா" என்று சொல்லுங்கள். உங்களைவிட இருபது வயது மூத்தவரை 'வாம்மா, போம்மா' என்று பேசிவிட்டு அவருடைய மகனிடம் 'வாங்க' எதிர்பார்க்க முடியாது. பையன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறான்.

"கேரளாவுல ஆணோ பெண்ணோ எல்லாரையும் 'டீச்சர்'னு கூப்பிடச் சொல்லிட்டாங்களாமே. இங்கேயும் அப்படியா?"

இல்லை. 2023 ஜனவரியில் கேரள மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம், 'சார்', 'மேடம்' என்பதைவிட ஆண், பெண் வேறுபாடு இல்லாத 'டீச்சர்' நல்லது என்று சொல்லி அந்த மாநிலத்துப் பள்ளிகளுக்கு அறிவுறுத்தியது. தமிழ்நாட்டுப் பள்ளிகளை அது கட்டுப்படுத்தாது.

தமிழில் அதை அப்படியே எடுப்பதிலும் சிரமம் இருக்கிறது. நம் காதுக்கு 'டீச்சர்' என்றால் பெண் ஆசிரியர்தான். ஆண் ஆசிரியரை ஒரு பிள்ளை 'டீச்சர்' என்று கூப்பிட்டால் வகுப்பு சிரித்துவிடும். எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து வந்து சேரும் பிள்ளை ஆண் ஆசிரியரை 'மாஷே' என்றோ 'டீச்சர்' என்றோ கூப்பிட்டால் பழகும் வரை விட்டுவிடலாம்.

"சாரோட பேரைச் சேர்த்துச் சொல்லலாமா?"

அவரைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லும்போது தாராளமாகச் சொல்லலாம். பெயரோடு சார், இல்லையென்றால் 'கணக்கு சார்', 'சயின்ஸ் மிஸ்'. நேரில் கூப்பிடும்போது வெறும் 'சார்' போதும். நேரில் "கணக்கு சார், இங்க வாங்க" என்று யாரும் கூப்பிடுவதில்லை. பெயரை மட்டும் சொல்லக் கூடாது, அவர் இல்லாத இடத்திலும்.

"லீவ் லெட்டர்ல 'மதிப்பிற்குரிய சார்'னு எழுதினா டீச்சர் சுழிச்சு அனுப்புறாங்க. எப்படி எழுதணும்?"

தமிழ்க் கடிதத்தில் சாரும் மிஸ்ஸும் வருவதில்லை. ஆணுக்கு 'ஐயா', பெண்ணுக்கு 'அம்மா' அல்லது 'அம்மையீர்'. பள்ளிக் கடிதத்துக்கு 'அம்மா'வே இயல்பாக இருக்கிறது. போன மாதம் ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதி வந்த கடிதம் இது:

"மதிப்பிற்குரிய மிஸ் அவர்களே, எனக்கு காய்ச்சல். அதனால் நீங்கள் எனக்கு இரண்டு நாள் லீவ் தர வேண்டும். இப்படிக்கு உங்கள் மாணவி."

இதில் 'மிஸ் அவர்களே' பேச்சையும் எழுத்தையும் ஒட்டவைத்த தையல். அதைவிடப் பெரிய கோளாறு 'தர வேண்டும்'. 'நீங்கள்' இருக்கிறது, மரியாதைப் பன்மை இருக்கிறது, ஆனாலும் கட்டளை மாதிரி விழுகிறது. எழுத்தில் கேட்பதற்கென்று ஓர் அமைப்பு இருக்கிறது: 'அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்'. நாங்கள் உட்கார்ந்து திருத்தியது இப்படி வந்தது:

பெறுநர்
வகுப்பாசிரியர் அவர்கள்,
ஏழாம் வகுப்பு 'அ' பிரிவு.

மதிப்பிற்குரிய அம்மா,
எனக்குக் காய்ச்சலாக இருப்பதால் இன்றும் நாளையும் பள்ளிக்கு வர இயலவில்லை. ஆகவே, எனக்கு இரண்டு நாள்கள் விடுப்பு அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.
இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி

இதற்கு மேலே அனுப்புநர் முகவரியும், கீழே பெயர், தேதி, பெற்றோர் கையொப்பமும் வரும். 'அவர்கள்' ஒரு முறை வந்தால் போதும். 'உங்கள்' என்பதைவிட 'தங்கள்' ஒரு படி மேல், கடிதத்துக்கு அதுதான் பொருந்தும்.

"வாட்ஸ்ஆப்ல மிஸ்ஸுக்கு மெசேஜ் போடும்போது?"

"வணக்கம் மிஸ்" என்று தொடங்கி, யாருடைய அம்மா அல்லது அப்பா, எந்த வகுப்பு என்று சொல்லிவிட்டு விஷயத்துக்கு வாருங்கள். வெறும் 'ஹாய்' போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காதீர்கள். சுருக்கமாக எழுதும்போதுதான் 'ங்க' விழுந்துவிடுகிறது. 'ஹோம்வொர்க் அனுப்பு மிஸ்' என்று வருவதில் பாதி, அவசரத்தில் பிள்ளை அம்மாவின் போனில் தட்டியது. அனுப்பும் முன் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

"'வாத்தியார்'னு சொன்னா மரியாதைக் குறைவா?"

சொல்லில் குறை இல்லை. உபாத்தியாயர் என்பதுதான் வாத்தியார் ஆனது, கடைசியில் மரியாதை 'ஆர்' இருக்கிறது. பெரியவர்கள் "வாத்தியார் வீடு" என்று அன்போடு சொல்வார்கள். ஆனால் பிள்ளைகள் வாயில் அது 'வாத்தி' என்று குறுகிவிட்டது, 'ஆர்' போனதோடு மரியாதையும் போயிற்று. நேரில் கூப்பிட 'சார்' அல்லது 'ஐயா'வே இருக்கட்டும்.

"நான் இப்ப டீச்சராயிட்டேன். நான் படிச்ச ஸ்கூலுக்கே போஸ்டிங். என் பழைய சார் அதே ஸ்டாஃப் ரூம்ல உட்கார்ந்திருக்கார். அவர் என்னை 'வாங்க மேடம்'ங்குறார். எனக்கு உடம்பு கூசுது."

அவர் வகுப்புப் பிள்ளைகளுக்காக அப்படிச் சொல்கிறார். பிள்ளைகள் முன்னால் அவர் உங்களை 'வாம்மா' என்றால் நாளைக்குப் பிள்ளைகளும் உங்களைச் சின்னவராகப் பார்ப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அந்த 'மேடம்' இருக்கட்டும். நீங்கள் எங்கே இருந்தாலும் அவரை 'சார்' என்றே கூப்பிடுங்கள். தனியாக இருக்கும்போது, "சார், என்னைப் பேர் சொல்லியே கூப்பிடுங்க" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

என்னிடம் முதல் வகுப்பு படித்த ஒரு பெண் இப்போது பக்கத்துப் பள்ளியில் ஆசிரியை. பஜாரில் பார்த்தால் பையைத் தரையில் வைத்துவிட்டு, "மிஸ், எப்ப வந்தீங்க?" என்பாள். நான் அவளுடைய பிள்ளைகள் காதில் விழும்படி, "இப்பத்தான் வந்தேன், நீங்க எப்ப வந்தீங்க டீச்சர்?" என்பேன்.